கல்யாணப் பத்திரிகை: அச்சில் உள்ளது உள்ளபடி

கல்யாணப் பத்திரிகையை யாரும் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. யார் வீட்டுக் கல்யாணம், என்றைக்கு, எந்த மண்டபம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று நான்கு விஷயங்களைக் கண் தேடிப் பிடித்துக்கொள்கிறது. மற்ற வரிகளை, ‘நிகழும் மங்களகரமான’ என்ற தொடக்கத்தைப் பார்த்ததுமே மனம் தானாக நிரப்பிவிடுகிறது.

அதே பத்திரிகையின் புகைப்படத்தைக் கொடுத்து, ‘இதில் அச்சாகியிருப்பதை ஓர் எழுத்தும் மாறாமல் தட்டச்சு செய்யுங்கள்’ என்று கேட்டால் வேலையின் தன்மையே மாறிவிடும். திருமணப் பதிவுக்குச் சான்றாகப் பத்திரிகையை இணைப்பவர்கள், அதை வெளிநாட்டு விசாவுக்காக மொழிபெயர்க்கக் கொடுப்பவர்கள், தாத்தா பாட்டி காலத்துப் பத்திரிகைகளிலிருந்து குடும்ப வரலாறு எழுதுபவர்கள் எல்லோருக்கும் இந்த எழுத்தாக்கம் தேவைப்படுகிறது. அவர்களுக்கு ஒரு தேதியின் ஓர் இலக்கம் மாறினாலும், ஒரு பெயரின் தலைப்பெழுத்து மாறினாலும் அந்தத் தாள் பயன்படாது.

இந்த அத்தியாயத்துக்கென்று ஒரு மாதிரிப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். மெரூன் நிற அட்டை, தங்க நிற எழுத்து, மேலே கோலமும் குத்துவிளக்கும். அதன் மேல்பாதியில் உள்ள வரிகள் இவை:

உ
ஸ்ரீ விநாயகர் துணை
திருமண அழைப்பிதழ்
நிகழும் மங்களகரமான குரோதி ௵ ஆவணி ௴ 20 ௳
(05-09-2024) வியாழக்கிழமை
வளர்பிறை துவிதியை திதியும் அஸ்தம் நட்சத்திரமும்
கூடிய சுபதினத்தில் காலை 7.30 மணிக்கு மேல்
8.30 மணிக்குள் கன்னி லக்னத்தில்

எட்டே வரிகள். ஆனால் எழுத்தாக்கத்தில் வரக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இதற்குள் இருக்கின்றன.

தங்கத் தாளும் மெய்ப்புள்ளியும்

முதல் சிக்கல் எழுத்தில் தொடங்குவதில்லை, ஒளியில் தொடங்குகிறது. பத்திரிகையின் தங்க எழுத்துகள் பெரும்பாலும் சூடான அச்சால் அழுத்தி ஒட்டப்பட்ட மெல்லிய உலோகப் படலம். சாதாரண மை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். உலோகப் படலமோ கண்ணாடிபோல ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அதனால் ஒரே புகைப்படத்தில், விளக்கைப் பார்த்திருக்கும் எழுத்து வெள்ளையாகப் பளீரிடும். சற்றுத் தள்ளியுள்ள எழுத்து பின்னணியைவிடக் கருத்துப்போகும். அட்டையை ஸ்கேனரில் வைத்தால் பல சமயம் தங்க எழுத்து முழுக்கவே மங்கிக் கறுப்பாக விழுகிறது. ஸ்கேனரின் விளக்கு வீசும் ஒளி உணரியின் பக்கம் திரும்பாமல் வேறு பக்கம் போய்விடுவதே காரணம்.

எழுத்துணரிக் கருவிகளுக்கு இது பெரிய இடைஞ்சல். படத்தைப் படிப்பதற்கு முன் பல கருவிகள் அதைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிக்கின்றன. இதற்கு வெகுவாகப் பயன்படுவது ஜப்பானியர் நொபுயுகி ஓட்சு 1979இல் வெளியிட்ட முறை. படத்தின் ஒளி அளவுகளைப் பார்த்து, ‘இதற்கு மேல் வெளிச்சம், இதற்குக் கீழ் இருள்’ என்று ஒரு கோட்டை அது தேர்ந்தெடுக்கும். ஒரே சொல்லின் முதல் பாதி பின்னணியைவிட வெளிச்சமாகவும் மறுபாதி அதைவிட இருட்டாகவும் இருந்தால், எந்த ஒற்றைக் கோடும் அந்தச் சொல்லை முழுதாகப் பிரித்துத் தராது. பாதி எழுத்து பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். எனவே ஃபிளாஷை அணைத்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், அட்டையைச் சற்றே சாய்த்து இரண்டு மூன்று கோணங்களில் எடுப்பதுதான் வழி. ஒரு படத்தில் மறைந்த எழுத்து அடுத்ததில் தெரியும்.

அடுத்தது அளவு. அட்டை எட்டு அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். 4000 பிக்சல் அகலமுள்ள கைப்பேசிப் படத்தில் அட்டை முழுவதையும் அடைத்து எடுத்தால் அங்குலத்துக்கு 500 பிக்சல் கிடைக்கும். அதே படம் செய்திச் செயலி ஒன்றின் வழியாக வந்து 1600 பிக்சலாகச் சுருங்கினால், அங்குலத்துக்கு 200தான் மிச்சம். பத்திரிகையின் சிறிய வரிகள் 10 பாயின்ட் அளவில் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்பதால், சுருங்கிய படத்தில் அந்த வரியின் மொத்த உயரம் ஏறத்தாழ 28 பிக்சல். ‘ப’ போன்ற எழுத்து அதில் பாதி, 14 பிக்சல். அதன் தலைக்கு மேல் வரும் மெய்ப்புள்ளிக்கு இரண்டு அல்லது மூன்று பிக்சல்தான் மிஞ்சும்.

தமிழில் அந்தப் புள்ளிதான் ‘க’வையும் ‘க்’கையும் பிரிக்கிறது. போதாததற்கு ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய விவரங்களைக் குறைக்கிறது. எழுத்தின் ஓரங்களில் தூசு படிந்ததுபோல் சிறு பொட்டுகள் அதனால் உண்டாகின்றன. இல்லாத இடத்தில் புள்ளி முளைக்கிறது, இருந்த இடத்தில் அழிகிறது. அலங்கார எழுத்துருவில் புள்ளியே ஒரு குட்டி வளையமாகவோ பூவாகவோ இருக்கும். பின்னணிக் கோலத்தின் புள்ளிகளும் எழுத்தின் தலைக்கு மேல் வந்து உட்காரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு புள்ளி எழுத்துக்குரியதா என்று ஐயம் வந்தால், அதே வரியின் மற்ற மெய்யெழுத்துகளோடு ஒப்பிட வேண்டும். எழுத்துருவின் புள்ளி எங்கும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் இருக்கும். கோலப்புள்ளி அப்படிப் பொருந்தாது. படத்தை அனுப்பச் சொல்லும்போதே, படமாக இல்லாமல் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு சுருங்காமல் வந்து சேரும்.

இரண்டு குடும்பங்கள், ஒரே வரி

டெசராக்ட் என்ற எழுத்துணரி இலவசமாகக் கிடைக்கிறது. ஹ்யூலெட் பேக்கர்டு நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட மென்பொருள் அது. அதைத் தமிழும் ஆங்கிலமும் கலந்த அட்டையில் ஓட விட இந்தக் கட்டளை போதும்:

```
tesseract card.png out -l tam+eng --psm 6
```

கடைசியில் உள்ள `--psm 6`, ‘படத்தில் இருப்பதை ஒரே பத்தியாக எண்ணிக்கொள்’ என்று சொல்கிறது. மேலே காட்டிய எட்டு வரிகளுக்கு அது பொருந்தும். அட்டையின் அடிப்பகுதிக்கு வந்ததும் பொருந்தாது. அங்கே இடப்பக்கம் மணமகன் வீட்டாரும் வலப்பக்கம் மணமகள் வீட்டாரும் அக்கம்பக்கமாக இருப்பார்கள். கருவி இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் படித்தால், மணமகனின் தாத்தா பெயரோடு மணமகளின் ஊர் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்தும் சரியாக வந்திருக்கும். உறவு முழுவதும் தப்பாக இருக்கும். இப்படிப்பட்ட பிழையை எழுத்துப் பிழை தேடுபவர் கண்டுபிடிக்கவே மாட்டார். ஆகவே படத்தை முதலில் துண்டுகளாக வெட்டிவிடுவது நல்லது: தலைப்பகுதி, இடப்பத்தி, வலப்பத்தி, மண்டபத்தின் முகவரி. வளைவாக அச்சிட்ட ‘திருமண அழைப்பிதழ்’ போன்ற தலைப்பைக் கையால் தட்டச்சு செய்துவிடலாம்.

கருவிக்குப் பழக்கமில்லாத குறிகளும் உண்டு. ஆண்டைக் குறிக்கும் ௵, மாதத்துக்கான ௴, நாளுக்கான ௳ ஆகியவை பத்திரிகைகளில் இன்றும் அச்சாகின்றன. அன்றாடத் தமிழில் இவை அரிது என்பதால், கருவி கற்றுக்கொண்ட தரவிலும் அரிது. அரிதான வடிவத்தைப் பார்க்கும்போது கருவி தனக்கு நன்கு தெரிந்த வேறொரு எழுத்தாக அதை மாற்றிவிடும். மனிதத் தட்டச்சாளர் வேறு விதமாக மாற்றுவார்: ௵ என்பதை ‘வருடம்’ என்று விரித்து எழுதிவிடுவார். பொருள் ஒன்றுதான், அச்சில் உள்ளது அது அல்ல. இக்குறிகள் எல்லாவற்றுக்கும் யூனிகோடில் தனி இடம் இருக்கிறது. நாள் U+0BF3, மாதம் U+0BF4, ஆண்டு U+0BF5. அவற்றையே இட வேண்டும்.

ஒரே வடிவம், இரண்டு குறியீடு

புகைப்படத்தில் இருப்பது வடிவம். கோப்பில் சேர்வது குறியீடு. தமிழில் சில இடங்களில் ஒரு வடிவத்துக்கு இரண்டு குறியீட்டு வழிகள் இருக்கின்றன. பத்திரிகையின் இரண்டாவது வரியிலேயே இது வந்துவிடுகிறது. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் திரையில் தெரியும். தேடும்போதோ ஒன்றைத் தட்டச்சு செய்தால் மற்றது அகப்படாது.

இதைவிட அதிகம் தொல்லை தருவது மணமகளின் பெயருக்கு முன்னால் வரும் ‘சௌபாக்கியவதி’. அதன் முதல் எழுத்தை, சகரத்தோடு ஔகாரக் குறி என்று எழுதினால் இரண்டு குறியீடுகள். ‘செ’ எழுதி அருகில் ‘ள’ போட்டால் மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாவது முறையில் எழுதியவர் உண்மையில் ‘செளபாக்கியவதி’ என்றுதான் எழுதியிருக்கிறார். உரக்கப் படிக்கும் மென்பொருள் அதை ‘செ-ள’ என்றே உச்சரிக்கும். முதல் வரியின் பிள்ளையார் சுழியும் இப்படித்தான். அது உயிரெழுத்து ‘உ’வா, தமிழ் எண் இரண்டான ‘௨’வா என்று வடிவம் மட்டும் சொல்லாது.

அச்சில் உள்ளபடி எழுதுவது என்ற விதி இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் அச்சில் வேறுபாடே இல்லை. வடிவம் முடிவு சொல்லாதபோது சொல்தான் முடிவு சொல்ல வேண்டும். சௌபாக்கியவதிக்கு ஔகாரக் குறி, பிள்ளையார் சுழிக்கு உயிரெழுத்து, ‘ஸ்ரீ’க்கு ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கோப்பு முழுவதும் அதையே பின்பற்றுவது என்று எழுத்தாக்குபவர் முடிவு செய்து, அந்த முடிவைக் கோப்பின் தலையில் இரண்டு வரியில் எழுதிவைக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முந்திய பத்திரிகைகளுக்கும் இதே வழிதான். யானைத் தும்பிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’க்கும் இன்றைய ‘லை’க்கும் யூனிகோடில் ஒரே குறியீடு. வடிவ வேறுபாட்டைக் குறிப்பில்தான் பதிய முடியும்.

தெரிந்த வரியே ஏமாற்றும்

ஆசி வரிகளில் புதுமை குறைவு. ‘துணை’, ‘சுற்றமும் நட்பும் சூழ’, ‘தங்கள் நல்வரவை நாடும்’ எல்லாம் ஆயிரம் பத்திரிகைகளில் பார்த்தவை. வாசிப்பு ஆய்வுகள் காட்டும் ஓர் உண்மை இங்கே நேரடியாக வேலை செய்கிறது: அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடிகிற சொற்களில் கண் குறைந்த நேரமே நிற்கிறது, பல சமயம் நிற்காமலே தாண்டிச் செல்கிறது. படித்ததாக நினைப்பது அச்சிலிருந்து வராமல் நினைவிலிருந்து வந்துவிடுகிறது.

மணமகனுக்கு முன்னால் வரும் அடைமொழியைப் பார்க்கலாம். ‘திருவளர்செல்வன்’ என்பது வினைத்தொகை. அங்கே ஒற்று மிகாது. ஆனால் ‘திருவளர்ச்செல்வன்’ என்று ‘ச்’ சேர்த்து அச்சிட்ட பத்திரிகைகளும் ஏராளம். இலக்கணம் அறிந்த தட்டச்சாளர் தன்னையறியாமல் அந்த ‘ச்’சை நீக்கிவிடுவார். இலக்கணம் அறியாதவர் இல்லாத ‘ச்’சைச் சேர்த்துவிடுவார். ‘முகூர்த்தம்’ என்றும் ‘முஹூர்த்தம்’ என்றும், ‘சுபதினம்’ என்றும் ‘சுப தினம்’ என்றும் இதேபோல் இடம் மாறும். திருக்குறள் அச்சிட்ட பத்திரிகையில் ஆபத்து இன்னும் கூடுதல். அட்டையில் ஒரு சீர் தவறாக அச்சாகியிருந்தாலும், மனப்பாடமாகத் தெரிந்தவரின் விரல் சரியான குறளையே தட்டச்சு செய்யும்.

இதற்குப் பலன் தரும் வழி இரட்டைத் தட்டச்சு. இரண்டு பேர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டு கோப்புகளையும் கணினியில் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களுக்கு மட்டும் படத்தைத் திரும்பப் பார்ப்பது. கவனக் குறைவால் வரும் பிழைகள் இருவருக்கும் வெவ்வேறு இடத்தில் விழும் என்பதால் அகப்பட்டுவிடும். பழக்கத்தால் வரும் பிழை இருவருக்கும் ஒரே இடத்தில் விழக்கூடும். அது ஒப்பீட்டில் தப்பிவிடும். ஆகவே ஆசி வரிகளை மட்டும் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்க்க வேண்டும். வரிசை குலைந்தால் ஊகம் நின்றுவிடும், கண் எழுத்தைப் பார்க்கும்.

தேதிக்குச் சாட்சிகள்

எழுத்துணரியின் தரத்தை அளக்கப் பிழை விழுக்காடு என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவென்ஷ்டைன் 1965இல் வகுத்த தொலைவைக் கொண்டு, எத்தனை எழுத்தைச் சேர்த்தால், நீக்கினால், மாற்றினால் வாசிப்பு மூலத்தோடு ஒத்துப்போகும் என்று எண்ணுவார்கள். 600 குறியீடுகள் உள்ள பத்திரிகையில் மூன்று தவறு என்றால் அரை விழுக்காடு. கேட்பதற்கு மிக நன்றாக இருக்கும். அந்த மூன்றும் தேதியிலும் நேரத்திலும் விழுந்திருந்தால் பத்திரிகையால் பயனே இல்லை. எண்களுக்குத் தனிச் சோதனை தேவைப்படுவது இதனால்தான்.

நல்லவேளையாகத் தமிழ்ப் பத்திரிகை ஒரே நாளைப் பல வழிகளில் சொல்கிறது. நம் மாதிரியில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் என்று ஐந்து சாட்சிகள். சாய்வான அலங்கார எழுத்துருவில் ‘20’ என்பது ‘26’ போலத் தெரிகிறது என்று கொள்வோம். குரோதி ஆண்டின் ஆவணி முதல் நாள் 2024 ஆகஸ்ட் 17. அப்படியானால் ஆவணி 20 என்பது செப்டம்பர் 5, வியாழக்கிழமை. ஆவணி 26 என்றால் செப்டம்பர் 11, புதன்கிழமை. அடைப்புக்குள் உள்ள தேதியும் கிழமையும் முதல் வாசிப்போடுதான் பொருந்துகின்றன.

கிழமை மட்டுமே போதாதா என்று தோன்றலாம். ஒரு நுட்பமான ஓட்டை அதில் இருக்கிறது. கிழமை ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், ஏழு வித்தியாசமுள்ள இலக்கங்கள் தமக்குள் மாறினால் கிழமைச் சோதனை அதைக் கவனிக்காது: 1க்கு 8, 2க்கு 9, 0க்கு 7. செப்டம்பர் 1, 8 இரண்டுமே ஞாயிறு. இந்த ஓட்டையைத் திதியும் நட்சத்திரமும் அடைக்கின்றன. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகுவது ஒரு திதி என்பதால், ஏழு நாளில் திதி ஏறக்குறைய ஏழு இடம் நகர்ந்துவிடும், நட்சத்திரமும் அப்படியே. 2024 செப்டம்பர் 3 காலையில் அமாவாசை முடிந்தது. ஐந்தாம் தேதி காலையில் வளர்பிறைத் துவிதியையும் அஸ்தமும் இருந்தன. மாதிரியின் ஐந்து சாட்சிகளும் ஒன்றையே சொல்கின்றன.

நேரத்துக்கும் சாட்சி உண்டு. ‘7.30’ஐ ஒருவர் ‘1.30’ என்று வாசித்தால், லக்னம் அதை மறுக்கும். ஆவணியில் சூரியன் சிம்மத்தில் இருப்பதால் சூரிய உதயத்தில் சிம்ம லக்னம், அடுத்து வருவது கன்னி. ஒரு லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடிக்கும். ஆவணி 20இல் சிம்மத்தின் பெரும்பகுதியைச் சூரியன் கடந்துவிட்டதால், ஏழு மணிக்கு முன்பே கன்னி தொடங்கிவிடும். பிற்பகல் ஒன்றரைக்குக் கன்னி லக்னம் வர வழியில்லை. வியாழக்கிழமைக்கு எமகண்டம் 6.00 முதல் 7.30 வரை என்று காலண்டர்கள் அச்சிடுகின்றன. முகூர்த்தம் சரியாக 7.30க்குத் தொடங்குவதற்கும் அது பொருந்திப்போகிறது.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தில் வேறுபடும். திதி மாறும் வேளையில் வைத்த முகூர்த்தம் என்றால், ஒரு திதி தள்ளியிருப்பதை மட்டும் வைத்து வாசிப்புத் தவறு என்று சொல்லிவிட முடியாது. திருவள்ளுவர் ஆண்டு போட்ட பத்திரிகையில் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டிச் சரிபார்க்கலாம், 2024க்கு 2055. அந்த ஆண்டு தை முதல் நாளில்தான் பிறக்கிறது என்பதால் ஜனவரி முதல் பாதியில் 30தான் கூட்ட வேண்டும்.

பிழை அச்சிலேயே இருந்தால்

சாட்சிகள் முரண்பட்டால் உடனே திருத்தக் கூடாது. முதலில் படத்துக்குத் திரும்ப வேண்டும். ஐயத்துக்குரிய இலக்கத்தை, அதே எழுத்துருவில் அட்டையின் வேறு இடத்தில் அச்சான இலக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசி எண்ணிலும் அஞ்சல் குறியீட்டிலும் பத்து இலக்கங்களும் ஏறக்குறைய வந்துவிடும் என்பதால், ஒப்பிட ஆள் கிடைக்காமல் போகாது. அங்கே ‘6’இன் வால் எப்படி வளைகிறது, ‘0’ எங்கே மூடுகிறது என்று பார்த்தால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும்.

அப்படிப் பார்த்தும் அச்சில் ‘புதன்கிழமை’ என்றுதான் தெளிவாக இருக்கிறது என்றால், அது அச்சகத்தில் நேர்ந்த பிழை. அதையும் எழுத்தாக்கத்தில் காப்பாற்ற வேண்டும். இதற்கு, பழைய நூல்களையும் ஏடுகளையும் மின்னாக்கும் அறிஞர்கள் டிஇஐ என்ற குறிமுறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் அச்சில் உள்ளதும் திருத்தமும் அக்கம்பக்கமாக நிற்கும்:

```
<choice>
  <sic>புதன்கிழமை</sic>
  <corr>வியாழக்கிழமை</corr>
</choice>
```

எழுத்து மங்கி உறுதியாகத் தெரியாத இடத்துக்கு `<unclear>`, முழுதும் மறைந்த இடத்துக்கு `<gap/>`. குறிமுறையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் சதுர அடைப்புக்குறியில் கேள்விக்குறி இடலாம். ஊகித்த எழுத்து அச்சிட்ட எழுத்துபோல் கோப்பில் கலந்துவிடாமல் இருந்தால் போதும். மங்கலான தலைப்பெழுத்து ‘ச’வா ‘க’வா என்று தெரியாதபோது, தெரியவில்லை என்று பதிவதுதான் துல்லியம். உறவினர் ஒருவருக்கு ஃபோன் செய்து விடை தெரிந்தாலும், அது குறிப்பில் சேர வேண்டிய செய்தி. வரியில் அதைக் கலக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் கையில் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும். சுருக்காத மூலப் படம் ஒன்று. வரிக்கு வரி அச்சைப் பின்பற்றிய உரைக்கோப்பு ஒன்று. அச்சில் வரி முறிந்த இடத்தில் கோப்பிலும் வரி முறிந்திருந்தால் பின்னால் சரிபார்ப்பவர் படத்தையும் உரையையும் எளிதாக ஒத்துப் பார்க்கலாம். மூன்றாவது, எடுத்த முடிவுகளின் குறிப்பு: ‘ஸ்ரீ’க்கு எந்தக் குறியீடு, எந்த இலக்கத்தில் ஐயம் வந்தது, எந்தச் சாட்சியால் அது தீர்ந்தது, எது தீரவில்லை. நம் மாதிரிப் பத்திரிகையின் குறிப்பில் நான்கு வரிகள் போதும். ஐம்பது ஆண்டு பழைய, ஓரம் கிழிந்த பத்திரிகைக்கு அந்தக் குறிப்பு உரையைவிட நீளமாகவும் போகலாம்.